dont-க்கு நான் போட்ட சிவப்புக் கோடு

மலையில் பிறந்து பிரெஞ்சு படித்தவள் என்று என்னைப் பற்றிப் பள்ளி ஆண்டு மலரில் ஒரு முறை போட்டார்கள். அரைப் பக்கம். படத்துக்குக் கீழே என் ஊர்ப் பெயரைத் தப்பாக அச்சடித்திருந்தார்கள். யாரும் அதைத் திருத்தவில்லை, நானும் போய்ச் சொல்லவில்லை. அந்தப் பள்ளியில் வேலை பார்த்த நான்கு வருடத்தில் நான் சொல்லாமல் விட்டவற்றில் மிகச் சின்னது அது.

நான் பிரெஞ்சுக்குப் போனதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. கல்லூரியில் சேர வேலூருக்குப் போனபோது, விடுதியில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் பிரெஞ்சில் மார்க் சுலபமாக வரும் என்றாள். எடுத்தேன். மார்க் வந்தது, பிறகு மொழியும் பிடித்துப்போனது. பாண்டிச்சேரியில் மேற்படிப்பு முடித்து அங்கேயே ஒரு வேலை தேடிக்கொண்டிருந்தபோது அப்பா பலா மரத்திலிருந்து விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார். அண்ணன் தம்பி யாரும் இல்லை. அம்மா ஒருத்தியால் அவரைத் தூக்கி உட்கார வைக்க முடியாது. திரும்பி வந்தேன்.

ஜமுனாமரத்தூர் போகிற மலைச்சாலையில் ஒரு தனியார் விடுதிப் பள்ளி இருந்தது. குளிர்ந்த காற்று, காடு, ஆங்கிலம் என்று விளம்பரம் செய்து கீழ் ஊர்ப் பிள்ளைகளை மேலே கொண்டுவரும் பள்ளி. ஞாயிற்றுக்கிழமைகளில் பெற்றோர்களின் கார்கள் கணியம்பாடி, அமிர்தி வழியாக ஏறி வரும். அங்கே தமிழோடு இந்தியோ பிரெஞ்சோ எடுக்க வேண்டும். பிரெஞ்சுக்கு ஒரு மூத்த ஆசிரியை இருந்தார். எல்லோரும் அவரைப் பெரிய மேடம் என்போம். அவருக்குக் கீழே ஓர் ஆள் தேவைப்பட்டது. வீட்டிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். உடனே சேர்ந்துவிட்டேன்.

மலையில் பள்ளி நடத்துவதால் மலைப் பிள்ளைகள் சிலருக்கு இலவச இடம் கொடுத்திருந்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் அப்படி ஒரு பெண் இருந்தாள். சாமையும் கொள்ளும் விதைக்கிற குடும்பம். இந்தி வகுப்பில் மற்றவர்கள் முதல் வகுப்பிலிருந்தே படித்தவர்கள்; பிரெஞ்சில் எல்லோருக்கும் ஒரே தொடக்கம் என்பதால் இதற்கு வந்தேன் என்று சொன்னாள். பதின்மூன்று வயதில் எனக்கு இவ்வளவு யோசிக்கத் தெரிந்திருக்கவில்லை.

அந்த வருடம் அரையாண்டுக்கு முந்தைய பாடம், இரண்டு வாக்கியங்களை ஒன்றாக்குவது. qui, que, dont, où என்ற நான்கு சொற்களில் பொருத்தமானதைப் போட்டு இணைக்க வேண்டும். பெரிய மேடம் எழுதி, பள்ளியே அச்சடித்த நோட்ஸில் இதற்கு அரைப் பக்கம்தான். ஆள் என்றால் qui, பொருள் என்றால் que, இடம் என்றால் où. dont பற்றி ஒரு வரி, அதுவும் 'உடைமைக்கு' என்பதோடு முடிந்தது.

அது போதாது, போதாதது மட்டுமல்ல, தப்பு. நான் கரும்பலகையில் வேறு மாதிரி ஆரம்பித்தேன். தேன் விற்கிற ஒரு பெண்ணை எடுத்துக்கொண்டேன்.

Je connais la femme. Elle vend du miel. அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். அவள் தேன் விற்கிறாள். ஒன்றாக்கினால் Je connais la femme qui vend du miel. தேன் விற்கிற பெண்ணை எனக்குத் தெரியும். விற்பது அவள், அதனால் qui.

Le miel est bon. Elle vend ce miel. அதை ஒன்றாக்கினால் Le miel qu'elle vend est bon. அவள் விற்கிற தேன் நல்லது. இங்கே தேன் எதையும் செய்யவில்லை, அது விற்கப்படுகிறது, அதனால் que. அடுத்த சொல் உயிரெழுத்தில் ஆரம்பித்ததால் அது qu' என்று சுருங்கியது.

C'est le marché où elle vend son miel. அவள் தேன் விற்கிற சந்தை இது. சந்தையில் விற்கிறாள், அதனால் où.

"மூணுலயும் தமிழ்ல இன்னா வந்துது?" என்று கேட்டேன்.

"விற்கிற," என்றது வகுப்பு.

"நமக்கு ஒரே 'விற்கிற' போதும். யாரு, எத, எங்கன்னு நாமளே புரிஞ்சிக்கிறோம். பிரெஞ்சு அப்படி விடாது. ரெண்டாவது வாக்கியத்துல அந்தச் சொல் என்ன வேலை செஞ்சிதோ, அத இந்தக் குட்டிச் சொல் காட்டியே ஆகணும். அதனால ஆளா பொருளா இடமான்னு பாக்காதீங்க. வேலையப் பாருங்க."

உதாரணத்துக்கு ஒரு வீட்டைப் போட்டேன். J'ai acheté la maison, அந்த வீட்டை வாங்கினேன். வீடு இடம்தான். ஆனால் நான் வீட்டில் வாங்கவில்லை, வீட்டையே வாங்கினேன். ஆகவே la maison que j'ai achetée. அங்கே où வராது.

பிறகு dont. சில வினைச்சொற்களுக்கு de என்ற ஒட்டு உண்டு. பயப்படுவதற்கு avoir peur de, தேவைப்படுவதற்கு avoir besoin de, நினைவுகொள்வதற்கு se souvenir de. Le chien est méchant. Les enfants ont peur de ce chien. அந்த நாய் பொல்லாதது, பிள்ளைகள் அதற்குப் பயப்படுகிறார்கள். ஒன்றாக்கும்போது அந்த de தனியாக நிற்காது. dont அதை விழுங்கிக்கொண்டு முன்னால் வந்துவிடும். Le chien dont les enfants ont peur est méchant.

"ஒன்னாக்கின பிறகு, de எங்க போச்சின்னு உங்களையே கேளுங்க. dont-க்குள்ள இருந்தா சரி. எங்கயும் இல்லன்னா தப்பு," என்றேன். அந்தப் பெண் இதை நோட்டில் தமிழிலேயே எழுதிக் கட்டம் போட்டுக்கொண்டதைப் பார்த்தேன்.

அரையாண்டுத் தேர்வுக் கேள்வித்தாளைப் பெரிய மேடம்தான் தயாரித்தார், ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள்களை நான் திருத்தினேன். இணைக்கும் கேள்விகள் ஐந்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண். நான்காவது கேள்வி இது: Voilà le village. Je me souviens de ce village. அதோ அந்த ஊர். அந்த ஊர் எனக்கு நினைவிருக்கிறது.

Voilà le village dont je me souviens. இதுதான் விடை. வகுப்பில் ஒரே ஒருத்திதான் அப்படி எழுதியிருந்தாள். மற்றவர்கள் ஊர் என்றால் இடம், இடம் என்றால் où என்று நோட்ஸ்படி போட்டிருந்தார்கள். நான் சொல்லிக்கொடுத்தது இருபத்தாறு பேரில் ஒருத்திக்குத்தான் போய்ச் சேர்ந்தது என்ற வருத்தத்தோடு மற்ற எல்லோருக்கும் சுழித்தேன்.

மொத்தம் ஐம்பதுக்கு அவள் நாற்பத்தெட்டு. அடுத்து நாற்பத்தேழு எடுத்தவள் வேலூரில் பெரிய ஜவுளிக்கடை வைத்திருப்பவரின் மகள். பள்ளிக்கு ஒரு பஸ் வாங்கிக் கொடுத்தவர் அவர். அந்த அரையாண்டில் முதலாவதாக வருகிறவரை விடுமுறையில் பாண்டிச்சேரியில் நடக்கும் பத்து நாள் பிரெஞ்சு முகாமுக்குப் பள்ளி செலவில் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். ஒரே ஓர் இடம்.

மார்க் வெளியான மூன்றாம் நாள் தாளாளர் அறைக்குக் கூப்பிட்டார்கள். கடைக்காரர் நாற்காலியில் இருந்தார். பெரிய மேடம் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டிருந்தார். மேசையில் விடைத்தாளும் நோட்ஸும் விரித்திருந்தன.

"இன்னாம்மா இது?" என்றார் தாளாளர். "வில்லேஜ்னா இடம்தானே? இடம்னா où. மேடம் நோட்ஸ்லயே இருக்குது. நோட்ஸ்ல இருக்கறத எழுதின புள்ளைக்கு சைபரா?"

"சார், இடமான்னு பாக்கக் கூடாது. வினைச்சொல்லோட வர்ற de-யப் பாக்கணும். அந்த ஊர்ல உக்காந்து நினைக்கிறோம்னு இல்ல. ஊரையே நினைக்கிறோம். அதனால dont."

"இலக்கணம்லாம் எனக்கு வேணாம். மேடம், நீங்க சொல்லுங்க."

பெரிய மேடம் என்னைப் பார்க்காமல், "நோட்ஸ்படி où தான் சார்," என்றார்.

நோட்ஸ்படி. அந்த வார்த்தையை அவர் எவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுத்தார் என்பது எனக்கு அப்போதே புரிந்தது.

கடைக்காரர் குரலை உயர்த்தவே இல்லை. மரியாதையாகத்தான் பேசினார். "எனக்கு பிரெஞ்சு தெரியாதுங்க மிஸ். ஆனா கிளாஸ்ல ஒரே ஒரு பொண்ணுதான் நீங்க சொல்ற பதில எழுதியிருக்குது. அது யாருன்னு விசாரிச்சேன். மலைப் பொண்ணாம்." சிறிது நிறுத்தினார். "நீங்களும் மலைதானுங்களே?"

என் காது சூடானது. தாளாளர் சிரித்தபடி, "சார் தப்பா ஒன்னும் சொல்லல. ஆனா வெளிய பேசுவாங்க பாரும்மா. தன் ஆளுக்குப் பதில முன்கூட்டியே சொல்லிட்டாங்கன்னு பேசுவாங்க. உன் பேர்தான் கெட்டுப்போவும்," என்றார். எனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை என்பதை அவர் சொல்லவில்லை. அதைச் சொல்லத் தேவையும் இல்லை.

அப்போது நான் சொன்னதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. யாரும் கேட்பதற்கு முன்னால் நானாகவே, "ரெண்டு பதிலுக்கும் மார்க் போட்டுடறேன் சார்," என்றேன். இறங்கி வந்தால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். இறங்கிவிட்டாள் என்பது மட்டும்தான் அவர்களுக்குக் காதில் விழுந்தது.

"ஒரு கேள்விக்கு ரெண்டு பதில் எப்படிம்மா இருக்கும்?" என்றார் தாளாளர். "où சரின்னா அந்த இன்னொன்னு தப்பு. ஒழுங்கா மாத்திட்டு, மொத்தமா மறுபடி கூட்டிக் குடுங்க."

ஆசிரியர் அறைக்கு நடக்கும்போது பெரிய மேடம் கூட வந்தார். உள்ளே வேறு யாரும் இல்லை. தன் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே, "எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்காத. அது dont தான்," என்றார்.

"அத அங்கயே சொல்லியிருக்கலாமே மேடம்?"

"எட்டு வருஷமா அதே நோட்ஸ். இன்னைக்குத் தப்புன்னு ஒத்துக்கிட்டா எட்டு வருஷமும் தப்பு. எத்தன பேரன்ட்ஸ் வந்து நிப்பாங்க தெரியுமா? ரெண்டு மார்க்குதானே, விடு. சாப்ட்டியா?"

சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். அவர் எலுமிச்சை சாதத்தில் பாதியை மூடியில் வைத்து என் பக்கம் தள்ளினார். அதையும் தின்றேன்.

பிறகு இருபத்தாறு தாள்களையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இருபத்தைந்து சுழிகளை அடித்து இரண்டு போடுவது சுலபமாக இருந்தது. கடைசியாக அவள் தாள். கையெழுத்து குண்டுகுண்டாக, ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக நிற்கும். நான் போட்டிருந்த சரிக்குறியின் மேலேயே குறுக்கே கோடு இழுத்தேன். இரண்டை அடித்து சைபர் எழுதினேன். நாற்பத்தெட்டை நாற்பத்தாறாக்கி, பக்கத்தில் என் கையெழுத்துப் போட்டேன். கை நடுங்கியது என்று எழுதினால் நன்றாக இருக்கும். நடுங்கவில்லை. தன் ஆளுக்குச் சலுகை காட்டுகிறவள் அல்ல நான் என்று காட்டிவிட்ட ஒரு நிம்மதிகூட எனக்குள் இருந்தது.

அடுத்த நாள் தாள்களைத் திருப்பிக் கொடுத்தேன். வகுப்பு முடிந்து எல்லோரும் வெளியே போன பிறகு அவள் மேசைக்கு வந்தாள்.

"மிஸ், நாலாவது கேள்வி. மொதல்ல சரி போட்டிருக்கீங்க, அப்புறம் அடிச்சிருக்கீங்க. எந்த எடத்துல தப்பு மிஸ்?"

"விடை où."

அவள் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எதிர்த்துப் பேசவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். "அப்ப de எங்க போச்சி மிஸ்?"

பதில் அவள் எழுதியதில்தான் இருந்தது, அதன்மேல் என் கோடு இருந்தது.

"நீங்கதான மிஸ் சொன்னீங்க? de எங்கயும் இல்லன்னா தப்புன்னு. où போட்டா de காணாமப் போவுதே. நோட்டுல எழுதி வெச்சிருக்கேன், காட்டட்டா?"

"நோட்ஸ்ல என்ன இருக்கோ அதான் சரி. போய் உக்காரு."

அவள் உட்காரப் போகவில்லை. உட்கார இடமும் நேரமும் அதுவல்ல, மதியச் சாப்பாட்டு மணி அடித்து எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். வாசல் வரை போய்த் திரும்பி, "சரிங்க மிஸ்," என்றாள். என்னிடம் அவள் அதுவரை 'சரி மிஸ்' என்றுதான் சொல்வாள், 'சரிங்க' என்றதில்லை. எங்கள் பக்கத்துப் பேச்சில் மிஸ்ஸே மரியாதை. அந்த ஒரு 'ங்க'வால் அவள் என்னைக் கீழ் ஊர்க்காரியாக்கிவிட்டாள்.

ஜவுளிக்கடைக்காரர் மகள் முகாமுக்குப் போனாள். நல்ல பெண்தான். அவள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. தன் அப்பா வந்து பேசியதுகூட அவளுக்கு முழுதாகத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். விடுமுறை முடிந்து முதல் வகுப்பிலேயே கையைத் தூக்கினாள்.

"மிஸ், அங்க எங்களுக்கு ஒரு பிரான்ஸ்கார மேடம் கிளாஸ் எடுத்தாங்க. நம்ம டெஸ்ட்ல வந்த வாக்கியத்தச் சொன்னேன். où-ன்னு சொன்னதும் சிரிச்சிட்டாங்க. அந்த ஊருல இருந்து என்னத்த நெனச்சேன்னு கேட்டாங்க. dont தான் வருமாம் மிஸ். se souvenir de-யாம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், ஒருத்தி மட்டும் பார்க்கவில்லை. மூன்றாவது பெஞ்சில் அவள் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள். அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இவள் அன்றே சரியாக எழுதினாள், நான்தான் அடித்தேன் என்று சொல்ல அரை நிமிடம் போதும். "சரி, இனிமே அப்படியே எழுதுங்க," என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன்.

பெரிய மேடத்திடம் போய்ச் சொன்னபோது, "அடுத்த வருஷ நோட்ஸ்ல மாத்திக்கலாம்," என்றார். மாற்றவும் செய்தார். புதிய அச்சில் dont-க்கு ஒரு முழுப் பக்கம் இருந்தது. நான் கரும்பலகையில் எழுதிய நாய் உதாரணம்கூட அதில் வந்திருந்தது. மார்க் மாறவில்லை. பழைய தாள்களைக் கட்டி அறையில் போட்டாயிற்று, இனிமேல் எதற்கு என்றார்கள்.

முழு ஆண்டுத் தேர்வில் அவள் தாளைத் திருத்தும்போது நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. இணைக்கும் கேள்விகள் அனைத்திலும் பழைய நோட்ஸ் விதியையே பிடித்து எழுதியிருந்தாள். ஆள் என்றால் qui, பொருள் என்றால் que, இடம் என்றால் où. La maison où j'ai achetée est grande என்று எழுதியிருந்தாள். அதில் வேடிக்கை என்னவென்றால், que இருந்தால்தான் acheté-க்குக் கடைசியில் அந்த இன்னொரு e வரும். அந்த e-யைச் சரியாகப் போட்டிருந்தாள். விடை தெரியாமல் எழுதியவள் அல்ல. தெரிந்தே où போட்டிருந்தாள்.

சுழித்தேன். வேறு என்ன செய்வது? ஐம்பதுக்கு நாற்பது வந்தது. தாளை வாங்கிக்கொண்டு போனாள், ஒன்றும் கேட்கவில்லை. பத்தாம் வகுப்பில் இந்திக்கு மாறிவிட்டாள். மற்றவர்கள் ஒன்பது வருடம் படித்ததை ஒரு வருடத்தில் பிடிக்க வேண்டும் என்று தெரிந்தே போனாள். என்னிடமிருந்து விலக அவளுக்கு அது அதிகமாகத் தெரியவில்லை போல. வராந்தாவில் எதிரே வந்தால் வணக்கம் சொல்வாள். இன்னும் இரண்டு வருடம் அந்த வணக்கத்தைத் தாங்கிக்கொண்டு வேலை பார்த்தேன். எனக்கு வேலை நிரந்தரமாகவே இல்லை. கடைசியில் கீழே இருந்து இன்னொருவரை எடுத்துக்கொண்டு, மாணவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று என்னை நிறுத்தினார்கள்.

இப்போது ஊரிலிருந்தே செல்போனில் சொல்லிக்கொடுக்கிறேன். கனடா போக வேண்டிய நர்ஸுகள், கணவன்மார் பிரான்சில் இருக்கிற பெண்கள். சிக்னல் புளியந்தோப்பு மேட்டில்தான் கிடைக்கும், அங்கே நாற்காலி போட்டுக்கொள்வேன். dont பாடத்தை நன்றாகத்தான் நடத்துகிறேன். அந்த ஊர் வாக்கியத்தை மட்டும் சொல்வதில்லை.

போன மழைக்காலத்தில் அப்பாவுக்குக் காய்ச்சல் விடவில்லை. ரத்தப் பரிசோதனைக்கு ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். பரிசோதனைக் கூடத்தின் ஜன்னலுக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டுப் போட்டு அவள் உட்கார்ந்திருந்தாள். உடம்பு போட்டிருந்தாள், கண்ணாடி போட்டிருந்தாள். சீட்டை நீட்டிய கையை முதலில் பார்த்தாள், பிறகு முகத்தை.

"வாங்க மிஸ். அப்பாவா? உள்ள உக்கார வெய்ங்க."

அப்பாவின் மெலிந்த கையில் நரம்பைத் தேடி, அவருக்கு வலிக்காமல் ஊசியை ஏற்றினாள். "தாத்தா, கைய மடக்கிக்கோங்க, அஞ்சு நிமிசம்," என்றாள். பிரெஞ்சில் மேலே போயிருக்க வேண்டியவள் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வேலையை அவள் நன்றாகச் செய்தாள். ஊசியை எடுத்துக் குழாயில் பெயர் எழுதும்போது அந்தக் குண்டுகுண்டான எழுத்தைப் பார்த்தேன்.

"உங்கிட்ட ஒன்னு சொல்லணும்," என்றேன். "ஒன்பதாவதுல அந்தக் கேள்வி. நீ எழுதினதுதான் சரி. அப்பவே எனக்குத் தெரியும்."

அவள் எழுதி முடித்துக் குழாயைத் தாங்கியில் செருகினாள்.

"எனக்கும் அப்பவே தெரியும் மிஸ். உங்களுக்குத் தெரியும்னு," என்றாள். குரலில் கோபமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. "நாலு மணிக்கு ரிசல்ட் வரும். வெளிய வெயிட் பண்ணுங்க."

அப்பாவைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. யார் அந்தப் பெண் என்று அப்பா கேட்டார். பள்ளிக்கூடத்தில் படித்த பெண் என்றேன். "ஊசி போட்டதே தெரியல," என்றார். நான்கு மணிக்கு ரிசல்ட்டை வேறொரு ஆள் கொண்டுவந்து கொடுத்தார்.